தாத்தா முகத்தில் இருந்த புள்ளிகள்

தாத்தாவின் இரங்கல் செய்தியோடு வந்த பேப்பர் படம்தான் எங்களிடம் மிஞ்சியது. 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தேன். முகம் முழுக்க கொசுவலை போட்டது போல அலையலையான கோடுகள். பேப்பரில் படம் சின்னச் சின்னப் புள்ளிகளாகத்தான் அச்சாகும்; அந்தப் புள்ளிகளின் வரிசையும் ஸ்கேனரின் பிக்சல் வரிசையும் ஒன்றோடொன்று மோதுவதால் வருபவை அவை. இப்படிப் பதிவான பிறகு எந்த ஃபில்டரும் சரியாக எடுக்காது. நான் ஒரு மாலை முழுக்க வீணாக்கினேன்.

மறுநாள் 1200 டிபிஐ-யில், கிரேஸ்கேலில் எடுத்தேன். பின்பக்க எழுத்து தெரியாமலிருக்க மேலே கறுப்புத் தாள் வைத்தேன். இப்போது ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தது. பெரிதாக்கி, புள்ளி வரிசை ஓடும் சாய்விலேயே பத்துப் புள்ளி தூரத்தை அளந்தேன்: 140 பிக்சல். அதாவது இடைவெளி 14. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 6 என்ற அளவில் மங்கலாக்கி, பிறகு கால் பங்காகச் சுருக்கினேன். ImageMagick என்ற நிரலில் இந்த ஒரு கட்டளை போதும்:

```
magick thatha.tif -blur 0x6 -resize 25% thatha.png
```

முதலில் 3 கொடுத்துப் பார்த்தேன். கன்னத்தில் புள்ளிகள் லேசாக மிச்சமிருந்தன. 10 கொடுத்தால் மீசையே கரைந்துபோனது.

கடைசியில் கூர்மையாக்கப் போனேன். கொஞ்சம் கூட்டியதுமே புள்ளிகள் எட்டிப் பார்த்தன, விட்டுவிட்டேன். புள்ளியைவிடச் சிறிய விவரம் அந்த அச்சிலேயே கிடையாது. தாத்தாவின் கண்ணாடிச் சட்டம் தெரிகிறது, கண்ணிமை தெரியவில்லை.