ஆட்குறைப்புக்குப் பிறகு 6,000 வெள்ளி: விண்ணப்பத்துக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

சிங்கப்பூரில் வேலையின்மைக் காப்பீடு என்று எதுவும் கிடையாது. மாதச் சம்பளத்தில் அதற்காகச் சந்தா பிடிப்பதில்லை, வேலை போனால் மசே நிதியில் கை வைக்கவும் முடியாது. அந்த இடத்தில் இப்போது இருப்பது ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம். 2025 ஏப்ரலில் தொடங்கியது. அரசாங்கப் பணம். 6 மாதங்களுக்கு அதிகபட்சம் 6,000 வெள்ளி கிடைக்கும். இந்தத் தொகையை இழப்பவர்களில் பலர் படிவத்தில் எதையும் தப்பாக நிரப்பியிருக்க மாட்டார்கள். அதற்கு முன்பே, கடைசி வேலைநாளுக்குச் சற்று முன்னும் பின்னுமாகத் தவறு நடந்து முடிந்திருக்கும்.

முதல் தவறு மனிதவள அதிகாரியின் அறையில் நடக்கும். "அண்ணே, ஆட்குறைப்புன்னு போட்டா அடுத்த வேலைக்குப் போகும்போது நல்லா இருக்காது. நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்க, நாங்க நல்ல சான்று தர்றோம்." கேட்க நல்ல யோசனையாகத்தான் இருக்கும். இப்போதெல்லாம் ஆட்குறைப்பை யாரும் களங்கமாகப் பார்ப்பதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்தத் திட்டம் தன் விருப்பமின்றி வேலை இழந்தவர்களுக்கு மட்டும்தான். ஆட்குறைப்பு, நிறுவனம் மூடப்படுவது, பணிநீக்கம், நோய் அல்லது காயத்தால் வேலையிலிருந்து நிறுத்தப்படுவது ஆகியவை செல்லும். ராஜினாமா செல்லாது. உண்மையில் என்ன நடந்திருந்தாலும், கையில் இருக்கும் கடிதம் 'நானே விலகுகிறேன்' என்று சொன்னால் அதற்கு எதிராக நீங்கள்தான் வாதாட வேண்டியிருக்கும்.

நிறுவனத்துக்கு இதில் என்ன லாபம் என்றும் பாருங்கள். 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம், ஒரே ஒருவரை ஆட்குறைப்பு செய்தாலும், அவருக்குத் தகவல் சொன்ன 5 வேலை நாட்களுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். ராஜினாமா என்றால் அந்த வேலை இல்லை. ஆட்குறைப்பு அனுகூலத் தொகை பற்றிய பேச்சும் எழாது. இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ வேலை செய்தவர்களுக்கு, சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரையிலான சம்பளத்தைத் தருவது வழக்கம். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய சட்டம் இதற்கு இவ்வளவு என்று தொகை வகுக்கவில்லை. ஆனாலும் ஆட்குறைப்பு என்று தாளில் இருந்தால்தானே அதைக் கேட்கவே முடியும்?

அதனால் அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள். வேலை ஏன் முடிகிறது, கடைசி வேலைநாள் எது என்ற இரண்டும் கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். 'பரஸ்பர உடன்பாட்டில் பிரிதல்' போன்ற வழவழப்பான வரி இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே வற்புறுத்தி எழுத வைத்துவிட்டார்களா? கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவையும் பணிநீக்கமாகக் கருத வழி உண்டு. சச்சரவுகளைக் கையாளும் முத்தரப்பு அமைப்பான டாடமிடம் முறையிடலாம். ஆனால் தவறான பணிநீக்க முறையீட்டுக்குக் கெடு கடைசி வேலைநாளிலிருந்து ஒரே ஒரு மாதம்தான். 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம்' என்று விட்டால் கதவு சாத்திவிடும்.

அடுத்தது தள்ளிப்போடுவது. இதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். துவாஸில் ஒரு கிடங்கில் 8 ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவர் ஒருவர். மொத்தச் சம்பளம் 4,300 வெள்ளி. 2025 ஜூன் 30 அவருடைய கடைசி வேலைநாள். ஆண்டுக்கு இரண்டு வாரம் என்று 16 வாரச் சம்பளம் அனுகூலமாகக் கிடைத்தது. ஏறக்குறைய நான்கு மாதச் செலவுக்கு ஆயிற்று. 'இது தீரட்டும், அப்புறம் அரசாங்கத்திடம் போவோம், அதற்குள் வேலையும் கிடைத்துவிடும்' என்று நினைத்தார். தீபாவளி வந்து போனது, ஆண்டு இறுதியில் யாரும் ஆள் எடுக்கவில்லை.

இங்கேதான் சிக்கல். விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 6 மாதம் வேலையில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த 12 மாதம் வேலை போன நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. நீங்கள் விண்ணப்பிக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது. அவர் 2026 ஜனவரியில் விண்ணப்பித்தால் 2025 ஜனவரி முதல் ஜூன் வரை 6 மாதம் கணக்கில் வரும், மயிரிழையில் தேறுவார். பிப்ரவரியில் விண்ணப்பித்தால் ஜனவரி கணக்கிலிருந்து நழுவி 5 மாதம்தான் மிஞ்சும். 8 ஆண்டு உழைப்பும் அந்தக் கணக்கில் வராது. இன்னொன்று: முன்னறிவிப்புக் காலத்தில் வீட்டில் இருக்கச் சொன்னாலும் நீங்கள் இன்னும் ஊழியர்தான். வேலையில்லாதவர் என்ற கணக்கு கடிதத்தில் உள்ள கடைசி நாளுக்குப் பிறகே தொடங்கும்.

சம்பள வரம்பிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். சராசரி மொத்த மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. வங்கிக்கு வரும் தொகையை வைத்து இதைப் பார்க்கக் கூடாது. 55 வயது வரை உள்ள ஊழியரின் பங்காக 20 விழுக்காடு மசே நிதிக்குப் போகிறது. எனவே வங்கியில் 4,200 வருகிறதென்றால் மொத்தம் 5,250. அவருக்குத் தகுதி இல்லை. 4,000 வந்தால் சரியாக 5,000, தகுதி உண்டு. வீட்டின் ஆண்டு மதிப்பு, அதாவது ஓராண்டுக்கு அதற்குக் கிடைக்கக்கூடிய வாடகையின் மதிப்பீடு, 31,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வீவக வீட்டில் இருப்பவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. அவை எல்லாமே அதற்குள் அடங்கிவிடும்.

சரி, விண்ணப்பம் ஏற்கப்பட்டது. இனி மாதம் ஆயிரம் வெள்ளி வரும் என்று 6,000-ஐ ஆறால் வகுத்துக் குடும்ப பட்ஜெட் போடாதீர்கள். முதல் மாதம் அதிகபட்சம் 1,500, இரண்டாவது 1,250, மூன்றாவது 1,000, அதன் பிறகு மூன்று மாதங்கள் 750. துவாஸ்காரரின் கைக்கு வந்துகொண்டிருந்தது 3,440. முதல் மாத உச்சத் தொகையே அதில் பாதிக்கும் குறைவு. வீட்டுக் கடன் தவணையைத் தள்ளிவைக்கப் பேசுவதென்றால் 750-க்கு இறங்கும் நான்காவது மாதம் வரை காத்திருக்காமல் ஆரம்பத்திலேயே பேசிவிடுவது நல்லது.

பணம் தானாகவும் வராது. ஒவ்வொரு மாதமும் வேலை தேடும் நடவடிக்கைகளின் மூலம் 10 புள்ளிகள் சேர்க்க வேண்டும். மைகரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் வேலைக்கு விண்ணப்பிப்பது, ஆலோசகரைச் சந்திப்பது, பயிற்சியில் சேர்வது போன்றவை கணக்கில் வரும். முதலில் நடவடிக்கை, அதன் பிறகே தொகை என்பதால், முதல் தொகை வரும்வரை சமாளிக்கக் கையிருப்பு வேண்டும். 'இந்த மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்து அடுத்த மாதம் சேர்த்துச் செய்கிறேன்' என்பது நடக்காது, அந்த மாதத் தொகை போய்விடும். வேலை கிடைத்துவிட்டால் வழங்குதொகை நின்றுவிடும்.

திட்டம் 21 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்காகத் தொடங்கப்பட்டது. 2026 முதல் காலாண்டில் நிரந்தரவாசிகளுக்கும் விரிவாகும் என்று அறிவித்தார்கள். வேலை அனுமதி, எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்களுக்கு இதில் இடமில்லை. அனுமதி ரத்தானதும் பொதுவாகக் குறுகியகால வருகை அட்டைதான் கிடைக்கும். அவர்களுக்கு வர வேண்டிய சம்பளப் பாக்கியையும், உரியதானால் ஆட்குறைப்புத் தொகையையும் டாடமிடம் முறையிட்டுக் கேட்கலாம். வேலையை விட்டு 6 மாதங்களுக்குள் முறையிட அனுமதி உண்டு என்றாலும், விமானம் ஏறுவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிட வேண்டும்.