பிஎஃப் பாஸ்புக்கின் மூன்றாவது கட்டம்: சிங்கப்பூரிலிருந்து பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் காப்பிக்கடை மேசைக்கு வந்து உட்கார்ந்ததுமே அந்தத் தம்பி கைபேசியை நீட்டினான். "அண்ணே, பழைய கம்பெனிப் பணம் புதுக் கணக்குக்கு வந்துடுச்சு. ஆனா பென்ஷன்ல 0 காட்டுது. 42,000 ரூபாய் எங்கே போச்சு?"

எங்கும் போகவில்லை. ஊரில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்களில் பலர் பாஸ்புக்கைத் திறந்ததும் பதறுகிற இடம் இதுதான். (இங்கே வொர்க் பெர்மிட், எஸ் பாஸில் இருப்பவர்களுக்கு சிபிஎஃப் கிடையாது. அதனால் அந்தச் செயலியில் தேட வேண்டாம். ஊர் பிஎஃப்புக்கு அரசின் UMANG செயலிதான். பெயரில் 'பிஎஃப் பேலன்ஸ்' என்று வைத்துக்கொண்டு யுஏஎன்னும் பாஸ்வேர்டும் கேட்கிற தனியார் செயலிகளை நான் தொடவே மாட்டேன்.)

பாஸ்புக்கில் மாதாமாதம் மூன்று தொகைகள் ஏறும். முதலாவது நம் சம்பளத்தில் பிடித்த 12 சதவீதம். முதலாளி போடும் 12 சதவீதம் இரண்டாகப் பிரியும்: 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போக, மீதி பிஎஃப்பில் சேரும். பென்ஷனுக்குக் கணக்கிடும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு இருப்பதால், மாதம் 1,250-க்கு மேல் அந்த மூன்றாவது கட்டத்தில் ஏறாது.

முதல் இரண்டும் நம் பெயரில் வட்டியோடு வளரும் சேமிப்பு. மூன்றாவது அப்படியல்ல. அது பொதுவான பென்ஷன் நிதிக்குப் போய்விடுகிறது, அதற்கு வட்டி போட மாட்டார்கள். ஆகவே மூன்றையும் கூட்டி 'என் பேலன்ஸ்' என்று சொல்வது தவறு. கணக்கை மாற்றும்போதும் பிஎஃப் பணம்தான் நகரும், பென்ஷனில் நகர்வது பணமல்ல, வேலை பார்த்த காலம். அதனால்தான் மாற்றிய வரியில் பென்ஷன் கட்டம் 0 காட்டுகிறது.

இதைச் சொன்னதும் தம்பி அடுத்த தவறுக்குத் தாவினான். "அப்ப புதுக் கணக்குல பென்ஷன் கட்டத்துல இருக்கிற 1,05,000-ஐயாவது எடுத்துடலாமா? 7 வருஷம்தானே ஆச்சு, 10 வருஷம் ஆகலையே."

அவன் பார்த்தது ஒரே ஒரு மெம்பர் ஐடியை. ஒரு யுஏஎன்னுக்குக் கீழே ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி ஐடி இருக்கும், பாஸ்புக்கும் தனித்தனியாகத்தான் திறக்கும். அவன் முதல் கம்பெனியில் 2014 அக்டோபர் முதல் 2018 மார்ச் வரை, 12,000 அடிப்படைச் சம்பளத்தில் மூன்றரை வருடம். அடுத்ததில் 2018 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை 7 வருடம், சம்பளம் 15,000-க்கு மேல். மொத்தம் பத்தரை. 6 மாதமோ அதற்கு மேலோ இருந்தால் முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் 11.

10 வருடம் தாண்டியவர் பென்ஷனை மொத்தமாக எடுக்க முடியாது. அவருக்கு 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. கணக்கு இதுதான்:

```
15,000 × 11 ÷ 70 = 2,357
```

15,000 என்பது கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளம், உச்சவரம்போடு. 2,357 ரூபாய் பெரிய தொகையில்லைதான். ஆனால் சாகும்வரை வரும், பிறகு மனைவிக்கும் ஒரு பங்கு வரும். 50 வயதிலிருந்தே கேட்டு வாங்கலாம், ஆனால் 58-க்கு முந்தும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும்.

முதல் கம்பெனியை விட்டதும் படிவம் 10C போட்டு அந்தப் பென்ஷன் பணத்தை எடுத்திருந்தானானால், அந்த மூன்றரை வருடம் கணக்கிலிருந்தே போயிருக்கும். 10 வருடத்துக்குக் குறைவாக வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள் இதைத்தான் யோசிக்க வேண்டும். ஊருக்குத் திரும்பி வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், அதே 10C-இல் பணத்துக்குப் பதிலாக ஸ்கீம் சர்ட்டிஃபிகேட் கேட்கலாம். பார்த்த காலம் அப்படியே பத்திரமாக இருக்கும், பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, பாஸ்புக்கை மட்டும் பார்த்துக் காலத்தை எண்ணக் கூடாது. மெம்பர் போர்ட்டலில் View மெனுவில் Service History இருக்கிறது, அதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் வரும். தம்பிக்குத் திறந்து பார்த்தோம். இரண்டாவது கம்பெனியின் விலகிய தேதி காலியாக இருந்தது. கம்பெனி போடவேயில்லை. கடைசிச் சந்தா ஏறி 2 மாதம் ஆகிவிட்டால், Manage மெனுவில் Mark Exit போய் நாமே போட்டுக்கொள்ளலாம். அதற்கு ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு ஓடிபி வரும்.

தம்பியின் அந்த சிம் மன்னார்குடியில் அவன் அம்மாவின் பழைய போனில் இருந்தது. அழைத்துக் கேட்டால், "ரீசார்ஜ் பண்ணி நாலு மாசமாச்சுப்பா, ஒண்ணும் வரமாட்டேங்குது" என்றார்கள். நல்லவேளை, எண் இன்னும் வேறு யாருக்கும் போயிருக்கவில்லை. மேசையிலேயே இங்கிருந்து ரீசார்ஜ் போட்டான். அடுத்த ஞாயிறு அம்மா ஓடிபியை ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, தேதியைப் போட்டு முடித்தோம்.