விரித்த முடியை போட்டோஷாப்பில் உயரமான குதிரைவாலாக மாற்றுவது

விரித்துவிட்ட முடியைப் படத்தில் குதிரைவாலாக மாற்ற நினைக்கும் பலரும் வாலில்தான் கை வைக்கிறார்கள். நான் கழுத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். முடியைத் தூக்கிக் கட்டினால் அதுவரை மறைந்திருந்த கழுத்து, காது, தோள் எல்லாம் வெளியே தெரியவேண்டும். படத்திலோ அவை இல்லை. அவை சரியாக அமையாவிட்டால், வால் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒட்டவைத்ததுபோலத்தான் இருக்கும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். உயரம் 3000 பிக்சல், பின்னால் வெறும் சுவர். பெண்ணின் முகம் முக்கால் பக்கமாக இடப்புறம் திரும்பியிருக்கிறது, வெளிச்சமும் இடப்புறம் மேலிருந்து வருகிறது. முடி காதையும் பாதிக் கழுத்தையும் வலது தோளையும் மறைக்கிறது.

முதலில் மண்டை எங்கே முடிகிறது என்று கண்டுபிடியுங்கள். கண்கள் தலையின் உயரத்தில் ஏறக்குறைய நடுவில் இருக்கும். இந்தப் படத்தில் கண்ணிலிருந்து முகவாய் வரை 400 பிக்சல் என்றால், கண்ணுக்கு மேலே இன்னொரு 400 பிக்சலில் உச்சி. இழுத்துக் கட்டிய முடி அதற்கு மேல் 25, 30 பிக்சல்தான் எழும்பும். அப்புறம் முகவாயிலிருந்து, புருவ மட்டத்தில் காதின் மேல்நுனி வரவேண்டிய இடம் வழியாக ஒரு கோட்டை நீட்டுங்கள். அது பின்மண்டையைத் தொடும் இடத்தில்தான் கட்டு வரவேண்டும்.

சரி, இப்போது கழுத்து. புதிய லேயரில் Pen Tool கொண்டு தாடை மூலையிலிருந்து தோள் வரை கோடு போடுங்கள். அது நேராக இறங்காமல், கீழே வரவர வெளிப்புறமாக வளைந்து தோளோடு சேரவேண்டும். நிறத்தை முகத்திலிருந்து எடுக்காதீர்கள், கழுத்து தாடையின் நிழலில் இருப்பதால் சற்று மங்கலாக இருக்கும். தெரிகிற பாதிக் கழுத்திலிருந்தே எடுத்து நிரப்புங்கள். அதன்மேல் Multiply லேயர் ஒன்று வைத்து, 15% ஒளிபுகாமையில் மென்மையான பிரஷால் தாடை நிழலைப் போடுங்கள். தாடையை ஒட்டி விளிம்பு கூர்மையாகவும், கீழே போகப்போக கரைவதாகவும் இருக்கட்டும். தோலின் சொரசொரப்புக்கு Clone Stamp போதும், Sample என்பதை Current & Below என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி முடி இருந்த இடத்தில் சுவரையும் உடையையும் இதே கருவியால் நிரப்பிவிடலாம்.

இங்கே பலர் தவறவிடுவது ஒன்று உண்டு: முடி போனாலும் அதன் நிழல் கன்னத்தில் தங்கிவிடும். கன்னத்தின் ஓரத்தில் காரணமே இல்லாத ஒரு கருமை தெரிந்தால் அதுதான். அதையும் அழித்தாகவேண்டும்.

காதை வரைய முயலவேண்டாம். அதே ஆளின் வேறொரு படத்திலிருந்து, ஏறக்குறைய இதே கோணத்தில் இருப்பதை எடுத்து வையுங்கள். மேல்நுனி புருவ மட்டத்திலும் மடல் மூக்கின் அடி மட்டத்திலும் நிற்கட்டும்.

அடுத்தது நெற்றி முடிக்கோடு. அதிக நேரம் பிடிப்பது இதுதான், பிடிக்கட்டும். பழைய முடியிலிருந்து நீளமான கற்றைகளை Lasso-வால் வெட்டி, Ctrl+J அழுத்தி, Edit > Transform > Warp மூலம் வளையுங்கள். ஒவ்வொரு கற்றையும் நெற்றியில், நெற்றிப்பொட்டில், பிடரியில் எங்கே தொடங்கினாலும் கட்டை நோக்கியே போகவேண்டும். பிடரி முடி மேல்நோக்கி ஏறும் என்பதை மறக்காதீர்கள். முடிக்கோடு பொட்டில் சற்று உள்வாங்கி, காதுக்கு முன்னால் மறுபடி கீழிறங்கும். கற்றையின் வேர்ப்பக்கத்தை லேயர் மாஸ்க்கில் மெல்ல மங்கவையுங்கள், அங்கே தோல் முடிக்குள் தெரியவேண்டும். பிறகு 2 பிக்சல் பிரஷில் Shape Dynamics-ஐத் திறந்து Control: Fade வைத்து, சின்னச் சின்ன பூனைமுடிகளை நீளத்திலும் சாய்விலும் மாற்றி மாற்றி இழுங்கள். இந்த விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இருந்தால் விக் வைத்தது போலாகிவிடும்.

பளபளப்பையும் பாருங்கள். இழுத்த முடியில் ஒளி, இழைகளுக்குக் குறுக்கே ஒரே பட்டையாக மண்டையின் வளைவில் விழும். வெட்டி ஒட்டிய கற்றைகள் தங்கள் பழைய மினுக்கத்தையும் கூடவே கொண்டுவந்திருக்கும். திட்டுத்திட்டாகத் தெரிந்தால் Burn Tool-ஆல் அவற்றை அடக்குங்கள்.

கட்டுக்கு, முடி நிறத்தைவிடச் சற்று அடர்ந்த ஒரு குறுகிய வளைபட்டை போதும். அதன் இரு பக்கத்திலும் மெல்லிய நிழல் வேண்டும். வால் அங்கிருந்து உடனே தொங்காது. முதலில் கொஞ்சம் மேலெழுந்து, பிறகுதான் வளைந்து விழும். விரித்த முடியின் நீளப் பகுதியையே வாலாக வளையுங்கள், நுனிகள் தானாகவே இயல்பாக அமையும். வாலின் நிழல் கழுத்திலோ தோளிலோ, வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கமாக, லேசாக விழட்டும்.

கடைசியாக Image > Image Rotation > Flip Canvas Horizontal கொடுத்துப் பாருங்கள். கட்டு இடம் மாறியிருந்தாலோ கழுத்து பருத்திருந்தாலோ அப்போது உடனே கண்ணில் படும். நெற்றியை முழுவதும் மறைக்கும் முன்முடி உள்ள படமாக இருந்தால், உண்மையான முடிக்கோடு எங்கே என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்லவே முடியாது. அந்த ஆள் முடியைப் பின்னால் வாரிய இன்னொரு படம் கிடைத்த பிறகே தொடங்குங்கள்.