சுயவிவரக் குரல்பதிவு மங்கியது ஏன்?

என் மொழிபெயர்ப்பாளர் சுயவிவரத்தில் சேர்க்கவிருந்த அரை நிமிடக் குரல்பதிவு, எப்படிப் பேசினாலும் பழைய தொலைபேசியில் கேட்பதுபோல் மங்கி, 'ஸ', 'ஷ' ஒலிகள் தேய்ந்தே வந்தது. அறையை மாற்றியும், இரைச்சல் நீக்கும் செயலியைப் பயன்படுத்தியும் பயனில்லை.

பாட்டுக் கேட்கையில் தெளிவாக ஒலிக்கும் என் புளூடூத் இயர்போன், அதன் மைக் இயங்கத் தொடங்கியதும் அழைப்பு முறைக்கு மாறிவிடுவதே காரணம். பழைய வகை அழைப்பு முறையில் நொடிக்கு 8,000 ஒலி மாதிரிகளே பதிவாவதால், அதில் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி முழுவதும் அறுபடுகிறது. 'ஸ' போன்ற உரசொலிகளின் வலிமை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. புளூடூத்தை அணைத்துவிட்டு, கைப்பேசியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அதன் சொந்த மைக்கில் பேசியதும் குரல் தெளிந்தது, பெரும் நிம்மதி.

பட்டங்கள் சுயவிவரத்தில் எழுத்திலேயே இருப்பதால் அவற்றைப் பேச்சிலிருந்து நீக்கினேன். பெயரை நிதானமாக உச்சரித்து, மருத்துவ ஒப்புதல் படிவங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிறேன் என்று கூறி, அத்தகைய படிவத்தின் ஒரு வாக்கியத்தை இரு மொழியிலும் வாசித்து முடித்தேன்.