ஒட்டிய படமும் இணைத்த படமும்: வெற்றுக் கட்டம் ஏன் வருகிறது?

பினாங்கு லிட்டல் இந்தியாவில் ஒரு புடவைக் கடை என்று வைத்துக்கொள்வோம். தீபாவளி விலைப்பட்டியலை வேர்டில் தயாரித்திருக்கிறார்கள்: மேலே ஒரு புடவைப் படம், கீழே ஆறு வரி ரிங்கிட் கணக்கு. `Ctrl+A`, `Ctrl+C` அழுத்தி, உலாவியில் திறந்த மின்னஞ்சலில் `Ctrl+V` கொடுக்கிறார்கள். விலைகள் எல்லாம் வந்துவிடுகின்றன. படம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் கட்டம்.

வேர்ட் கெட்டுப்போகவில்லை. காப்பி செய்யும்போது கிளிப்போர்டுக்குள் ஒரே ஒரு பொருள் போவதில்லை. அதே விஷயம் பல வடிவங்களில் அடுக்கி வைக்கப்படுகிறது. வெறும் எழுத்தாக ஒன்று, இணையப் பக்க வடிவில் ஒன்று, இன்னும் சில. எதை எடுப்பது என்று முடிவு செய்வது ஒட்டப்படும் இடம்தான். மின்னஞ்சல் பக்கம் பெரும்பாலும் இணையப் பக்க வடிவை எடுக்கும். அதில் படம் கிடையாது; படம் இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும். ஏறத்தாழ இப்படி:

```
<img src="file:///C:/Users/kadai/AppData/Local/Temp/
msohtmlclip1/01/clip_image001.png">
```

இது உங்கள் கணினியின் தற்காலிகக் கோப்புறை. பாதுகாப்புக்காக, இணையப் பக்கம் எதுவும் உங்கள் வட்டுக்குள் தானாகப் போய்ப் படிக்க உலாவி விடாது. பட்டர்வொர்த்தில் இருக்கும் வாடிக்கையாளரின் கணினியிலோ அந்தக் கோப்புறையே இல்லை. வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டு வீட்டையே கொடுத்ததாக நினைப்பது போலத்தான் இது.

இதைவிட ஏமாற்றும் வகை ஒன்று உண்டு. உள்நுழைந்து பார்க்கும் தளத்திலிருந்து எழுத்தையும் படத்தையும் சேர்த்து காப்பி செய்தால், படம் உங்கள் திரையில் அழகாகத் தெரியலாம், ஏனென்றால் நீங்கள் அங்கே உள்நுழைந்திருக்கிறீர்கள். பெறுபவருக்கு அந்த அனுமதி இல்லாததால் அவருக்கு வெற்றுக் கட்டம்தான். அதனால் அனுப்பும் முன் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி, அந்தத் தளத்தில் உள்நுழையாத கைப்பேசியில் திறந்து பாருங்கள். அங்கே படம் இல்லையென்றால் போனது முகவரி மட்டுமே.

படத்தை மட்டும் ஒட்ட

1. வேர்டில் படம் முழுதாகத் தெரியும்படி வைத்து `Win+Shift+S` அழுத்துங்கள்.
2. திரை மங்கியதும் படத்தைச் சுற்றிக் கட்டம் இழுங்கள். இப்போது கிளிப்போர்டில் இருப்பது புள்ளிகளால் ஆன உண்மையான படம்.
3. சந்தேகமென்றால் முதலில் நோட்பேடில் `Ctrl+V` கொடுங்கள். எதுவும் வரக்கூடாது. எழுத்து வந்தால், பழைய காப்பிதான் இன்னும் உள்ளே இருக்கிறது.
4. பிறகு மின்னஞ்சலில் ஒட்டுங்கள்.

இதில் ஒரு குறை: திரையில் தெரிந்த அளவு துல்லியம்தான் கிடைக்கும். கைப்பேசியில் பார்க்கப் போதும். அச்சகத்துக்கு அனுப்பப் போதாது. அதற்கு இணைப்புதான் சரி.

கோப்பாக இணைக்க

வேர்டில் படத்தின் மேல் வலது சொடுக்கு, `Save as Picture`, பிறகு மின்னஞ்சலில் காகிதக் கவ்விக் குறி. இங்கே கிளிப்போர்டுக்கு வேலையே இல்லை. வட்டில் இருக்கும் கோப்பு பைட் மாறாமல் அப்படியே போகிறது, பெயரும் சேர்ந்தே போகிறது. முகவரிச் சிக்கல் வராது. ஆனால் கோப்பு ஏற்கெனவே வெறுமையாக இருந்தால் அந்த வெறுமையும் அப்படியே போகும்.

எனவே இணைக்கும் முன் கோப்பின் மேல் வலது சொடுக்கி `Properties` பாருங்கள். `Size` என்ற இடத்தில் `0 bytes` என்றிருந்தால் சேமிப்போ பதிவிறக்கமோ பாதியில் நின்றிருக்கிறது. மறுபடி சேமிப்பதைத் தவிர வழியில்லை.

அளவு சரியாக இருந்தும் படம் வெறுமையாகத் தெரிகிறதா? கடைச் சின்னங்களில் இது அடிக்கடி நடக்கும். பெயர்ப்பலகைக்காக வடிவமைப்பாளர் கொடுத்த பி.என்.ஜி. கோப்பில் எழுத்து வெள்ளை, பின்னணி ஒளிபுகும் வகை. வெள்ளை மின்னஞ்சலில் அது வெள்ளை மேல் வெள்ளை. அதே கோப்பைக் கறுப்புப் பின்னணி உள்ள படம்பார்ப்பானில் திறந்தால் சின்னம் பளிச்சென்று தெரியும். வேர்ட் பக்கத்தில் ஒரு கருஞ்சிவப்புப் பெட்டி வரைந்து, அதன் மேல் சின்னத்தை வைத்து, இரண்டையும் சேர்த்து `Win+Shift+S` மூலம் வெட்டினால் ஒளிபுகும் பகுதி நிரம்பிவிடும். அச்சுக்கு வேண்டுமென்றால் வடிவமைப்பாளரிடம் நிறப் பின்னணியோடு இன்னொரு கோப்பு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.