வக்கீல் நோட்டீஸுக்கு முன் ஒரு கடைசி மெசேஜ்: வீட்டு அட்வான்ஸைத் திரும்பக் கேட்பது எப்படி

சென்னையில் வீட்டைக் காலி செய்து ஆறு வாரம் ஆகியும் அட்வான்ஸில் பாதிக்கு மேல் வரவில்லை. போன் செய்தால் "பார்க்கலாம் தம்பி" என்பார் ஓனர். கடைசியாக ஒரு மெசேஜ் எழுதினேன், பணம் வந்தது. அதை எழுதிய விதம் இது.

முதலில் கணக்கு. நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். முதல் மெசேஜில் "என் அட்வான்ஸ் 60,000 வேண்டும்" என்று மொத்தமாகக் கேட்டேன். உடனே பேச்சு பெயின்ட் செலவுக்குப் போய்விட்டது, ஒரு மாதம் வீண். நியாயமான கழிவை நாமே கழித்துவிட்டால் அவருக்குச் சண்டை போட இடமிருக்காது. என் கணக்கு: கொடுத்தது 60,000. திரும்பி வந்தது 20,000. பெயின்டுக்கு 6,500, கடைசி கரன்ட் பில் 1,240. மீதி 32,260. இந்த ஒற்றை எண்ணைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது தேதி. "ஒரு வாரத்துக்குள்" என்று எழுதினால் எந்த நாளிலிருந்து என்ற கேள்வி வரும். நாளைக் குறிப்பிடுங்கள். பத்து நாள் போதும் என்பது என் கருத்து.

நான் அனுப்பியது:

> ஐயா, வணக்கம். உங்கள் வீட்டை 31.03.2025 அன்று காலி செய்து சாவியை ஒப்படைத்தேன். அட்வான்ஸ் ரூ.60,000-ல் ரூ.20,000 கிடைத்தது. பெயின்ட் ரூ.6,500, மின்கட்டணம் ரூ.1,240 போக ரூ.32,260 தர வேண்டியுள்ளது. 22.05.2025-க்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். தவறினால் மேற்கொண்டு தகவல் இன்றி வக்கீல் நோட்டீஸ் அனுப்புவேன்.

இதோடு நிறுத்துங்கள். போலீஸ், அக்கம்பக்கத்தில் சொல்வது என்று மிரட்டினால் தப்பு நம் பக்கம் திரும்பிவிடும். நம் கஷ்டத்தையும் எழுத வேண்டாம். அது கெஞ்சலாகப் படிக்கப்படும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதே வாசகத்தைத் தபாலிலும் அனுப்புங்கள். வாய்ஸ் மெசேஜ் வேண்டவே வேண்டாம். "அடுத்த மாசம் தரேன்" என்று பதில் வந்தால் அழிக்காதீர்கள். பணம் பாக்கி என்று அவரே ஒப்புக்கொண்ட எழுத்து அது. ஆனால் தேதியைத் தள்ளிப்போடச் சம்மதிக்காதீர்கள்.

சட்டப் பிரிவை எழுதலாமா என்று சிலர் கேட்டார்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். ஒரு வரி சேர்க்கலாம். அதனால்தான் சாவி கொடுத்த நாளுக்குச் சான்று முக்கியம். சாவியைக் கொடுத்த கையோடு "இன்று ஒப்படைத்தேன்" என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: நான் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 2025 செப்டம்பர் 1 முதல் அது ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டது. கவுண்டரில் டெலிவரிச் சான்றும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.