போர் தண்ணீரில் குளோரைடு: திரும்பச் செய்யக்கூடிய ஆய்வகக் குறிப்பேட்டை எழுதும் முறை

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆய்வகங்களுக்கு வரும் போர் தண்ணீர் மாதிரிகளில், கடல்நீரின் உப்பு ஏறியிருக்கிறதா என்பதே பெரும்பாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி. அதற்கான எளிய சோதனை, சில்வர் நைட்ரேட்டைக் கொண்டு குளோரைடை அளக்கும் மோர் முறை. பயிற்சிக்குச் சேரும் மாணவர் பலர் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். இந்த ஒரு சோதனையை, வேறொருவர் உங்கள் உதவி இல்லாமலே திரும்பச் செய்யும்படி குறிப்பேட்டில் பதிவு செய்வது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். கீழுள்ள அளவீடுகள் விளக்கத்துக்காக அமைத்தவை.

1. நோட்டைத் தயார் செய்தல்

தைத்துக் கட்டிய நோட்டை வாங்குங்கள். தாளைக் கழற்றி மாட்டும் கோப்பு வேண்டாம். எழுதத் தொடங்குமுன் எல்லாப் பக்கங்களுக்கும் எண்ணிட்டு, முதல் இரண்டு பக்கங்களைப் பொருளடக்கத்துக்கு விட்டுவிடுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். ஜெல் பேனா எழுத்து ஈரக் கை பட்டால் கலைந்துவிடக்கூடும்.

2. மாதிரியின் வரலாறு

பாட்டிலில் ஒட்டியிருக்கும் எண்ணை மட்டும் எழுதினால் போதாது. எந்த ஊரில் எந்தப் போர், அதன் ஆழம், எடுத்த நாளும் நேரமும், எடுக்குமுன் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது, பாட்டில் அதே நீரால் அலசப்பட்டதா ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். குழாயில் தேங்கியிருந்த நீரும் நிலத்தடியிலிருந்து புதிதாக ஏறிவரும் நீரும் ஒன்றல்ல என்பதால், மோட்டார் ஓடிய நேரம் தெரியாத மாதிரியை அடுத்த மாதம் எடுக்கும் மாதிரியோடு ஒப்பிட முடியாது.

டெல்டாவில் இன்னொரு செய்தியையும் சேர்க்க வேண்டும்: அன்று பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடியதா? மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படுகிறது. பாசனநீர் வயலில் நின்று கசிந்து இறங்கும் மாதங்களில் மேல்மட்ட நிலத்தடி நீரின் உப்பு குறையக்கூடும். மே மாத எண்ணையும் அக்டோபர் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு இந்த ஒரு வரி மிகவும் தேவைப்படும்.

3. கரைசல்களின் பிறப்பிடம்

"0.0141 நார்மல் சில்வர் நைட்ரேட்" என்று மட்டும் எழுதுவது பதிவாகாது. லிட்டருக்கு 2.395 கிராம் கரைக்க வேண்டும் என்பது செய்முறைத் தாளில் இருக்கும். தராசு உண்மையில் காட்டிய எடை, பொருள் வந்த புட்டியின் தொகுப்பு எண், கரைத்த நாள், கரைத்தவர் பெயர், பழுப்பு நிறப் புட்டியில் வைத்தாரா என்பதெல்லாம் உங்கள் நோட்டில் மட்டுமே இருக்க முடியும். வெளிச்சம் பட்டால் இந்தக் கரைசல் சிதையும் என்பதால், புட்டியின் மேல் எழுதிய செறிவை நம்பாமல் சோடியம் குளோரைடு நியமக் கரைசலைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். 140 டிகிரியில் உலர்த்திய உப்பில் 0.8240 கிராம் எடுத்து ஒரு லிட்டராக்கினால் 0.0141 நார்மல் நியமம் கிடைக்கும். அதற்கும் இதே விவரங்களை எழுதுங்கள்.

4. கண்ணால் கண்டதை அந்த நொடியிலேயே எழுதுதல்

இந்தப் படியில்தான் பெரும்பாலான நோட்டுகள் பயனற்றுப் போகின்றன. இடப் பக்கத்தில் செய்யத் திட்டமிட்டதையும், வலப் பக்கத்தில் உண்மையில் செய்ததையும் எழுதுங்கள். துண்டுத் தாளிலோ கையுறையிலோ குறித்துக்கொண்டு மாலையில் அழகாகப் படியெடுக்கும் பழக்கம் வேண்டாம். படியெடுக்கும்போது எண் மாறினால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

நம் மாதிரியை எடுத்துக்கொள்வோம். செய்முறைத் தாள் 100 மி.லி. நீரை எடுக்கச் சொல்கிறது. அப்படி எடுத்து, 1 மி.லி. பொட்டாசியம் குரோமேட் நிறங்காட்டி சேர்த்து, சில்வர் நைட்ரேட் நிரப்பிய 50 மி.லி. பியூரெட் முழுவதும் தீர்ந்த பின்னும் நிறம் மாறவில்லை. எனவே 10 மி.லி. மட்டும் பிப்பெட்டில் எடுத்து, வாலைவடி நீரால் 100 மி.லி. ஆக்கித் தொடர்கிறீர்கள். தோல்வியடைந்த முதல் முயற்சியையும் காரணத்தோடு எழுத வேண்டும். மாதிரிக்குப் பதில் வாலைவடி நீரை மட்டும் வைத்து இதே சோதனையைச் செய்வதே பிளாங்க். வலப் பக்கம் இப்படி இருக்கும்:

```
pH 7.6; மின்கடத்துதிறன் 2,900 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ.
100 மி.லி. நேரடி: 50 மி.லி. தீர்ந்தும் மாற்றம் இல்லை. நிறுத்தம்.
இனி: மாதிரி 10 மி.லி. + நீர் = 100 மி.லி.

பிளாங்க்       0.00 → 0.20
நியமம் 10 மி.லி.  0.20 → 10.50
மாதிரி, முதல் முறை   10.50 → 25.20
மாதிரி, 2ஆம் முறை   25.20 → 39.70
```

பியூரெட்டின் தொடக்க, முடிவு அளவுகள் இரண்டையும் எழுதுகிறோம். வித்தியாசத்தை மட்டும் எழுதினால், கழித்தலில் நேர்ந்த பிழை நிலைத்துவிடும். 10.5 என்று எழுதாமல் 10.50 என்று எழுதுவது, எவ்வளவு நுட்பமாகப் படித்தீர்கள் என்பதைக் காட்டும்.

முடிவுப் புள்ளியைச் சொல்லால் எழுதுங்கள். "செங்கல் நிறம்" என்று ஒருவர் நிறுத்தும் இடமும், மஞ்சளில் மெல்லிய இளஞ்சிவப்புச் சாயல் தோன்றியதும் மற்றொருவர் நிறுத்தும் இடமும் வேறுபடும். பிளாங்க் குடுவையைப் பக்கத்தில் வைத்து, அதே சாயல் வரும்வரை சேர்த்தேன் என்று எழுதினால், அடுத்தவரும் அதே இடத்தில் நிறுத்துவார். pH அளவையும் விட்டுவிடக் கூடாது. இந்த முறை 7 முதல் 10 வரைதான் சரியாக வேலை செய்யும். அமிலத்தன்மை கூடினால் குரோமேட் டைக்குரோமேட்டாக மாறி, முடிவுப் புள்ளி தாமதமாக வரும். குளோரைடு உண்மையைவிட அதிகமாகத் தெரியும்.

5. கணக்கை முழுமையாகக் காட்டுதல்

```
N = 0.0141 × 10 ÷ (10.30 − 0.20) = 0.01396
Cl = (14.60 − 0.20) × 0.01396 × 35450 ÷ 10 = 713 மி.கி./லி.
```

N என்பது நியமத்தைக் கொண்டு சரிபார்த்த சில்வர் நைட்ரேட்டின் செறிவு. 14.60 என்பது 14.70, 14.50 ஆகியவற்றின் சராசரி. வகுக்கும் எண்ணாகிய 10, நாம் எடுத்த மாதிரியின் கன அளவு. நீர்த்ததை நோட்டில் எழுதாமல் விட்டிருந்தால், கணக்கிடுபவர் செய்முறைத் தாளைப் பார்த்து 100 என்று போடுவார். விடை 71 ஆகிவிடும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, குளோரைடுக்கு ஏற்கத்தக்க வரம்பாக 250 மி.கி.யையும், வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் வரம்பாக 1,000 மி.கி.யையும் வைத்திருக்கிறது. ஆக, ஒரு வரி விடுபட்டதால் உப்பேறிய நீர் நல்ல நீராகிவிடும்.

இந்தப் பிழையைப் பிடிக்க மின்கடத்துதிறன் உதவும். 713 மி.கி. குளோரைடு, சோடியத்தோடு மட்டும் சேர்ந்திருந்தாலே அதை 2,000க்கு மேல் கொண்டுபோகும், 71 மி.கி. மட்டும் இருக்கும் நீர் 2,900 காட்டினால், வேறு உப்புகள் ஏராளமாக இருக்க வேண்டும், இல்லையேல் கணக்கில் தவறு இருக்க வேண்டும். தொடர்பற்றதாகத் தோன்றும் அளவையும் எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

6. திருத்தமும் கையொப்பமும்

தவறாக எழுதியதை ஒரே கோட்டால் அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, காரணமும் தேதியும் சுருக்கொப்பமும் இடுங்கள். வெள்ளை மையோ அழிப்பானோ கூடாது. அடித்த எண்ணே பின்னால் சரியென்று தெரியவரலாம். கருவி அச்சிட்டுத் தரும் சீட்டை ஒட்டி, சீட்டிலும் பக்கத்திலும் பாதிப் பாதியாக விழும்படி கையொப்பமிடுங்கள். வெள்ளி, குரோமேட் கலந்த கழிவைத் தொட்டியில் கொட்டாமல் எந்தக் கலனில் சேர்த்தீர்கள் என்பதையும் குறியுங்கள்.

7. வேறொருவரிடம் கொடுத்துச் சோதித்தல்

மாதிரியின் மீதியையும் நோட்டையும் உடன் பயிலும் ஒருவரிடம் கொடுத்து, உங்களிடம் எதுவும் கேட்காமல் செய்யச் சொல்லுங்கள். கேட்டே ஆக வேண்டிய இடங்களை அவர் பென்சிலால் தனித்தாளில் குறித்துக்கொள்ளட்டும். அவர் எண் உங்கள் எண்ணோடு ஒத்துவந்தாலும் அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். "பியூரெட்டை எதனால் அலசினீர்கள்?" போன்ற கேள்வி அதில் இருந்தால், விடையைப் பழைய பக்கத்தின் இடையில் நுழைக்காமல், அன்றைய தேதியிட்ட புதிய பக்கத்தில் எழுதி, பழைய பக்கத்தில் அதன் எண்ணைக் குறித்துவிடுங்கள்.